தலைவர் கடிதத்தைச் சுருக்குதல்: தலைப்பு வாரியாகவா, நடந்ததையும் சொன்னதையும் பிரித்தா?

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முதல் பக்கங்களில் வரும் தலைவர் கடிதத்தை இரண்டு விதமாகச் சுருக்கலாம். ஒன்று, தொழில் பிரிவு, சந்தை, நிதி எனத் தலைப்பு வாரியாக எழுதுவது. மற்றொன்று, ஆண்டுக்குள் முடிந்ததை ஒரு பட்டியலிலும், செய்யப்போவதாகச் சொன்னதை இன்னொரு பட்டியலிலும் வைப்பது. படிக்கச் சுகமானது முதல் வழிதான். கடிதமே அந்த வரிசையில் இருப்பதால் சீக்கிரமும் முடியும். ஆனாலும் நான் பின்பற்றுவதும் பரிந்துரைப்பதும் இரண்டாவதை.

காரணத்தைக் கற்பனையான ஒரு பத்தியில் காட்டுகிறேன். கணக்காண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. கடிதத்தில் ஜூன் மாதம் கையெழுத்தாகிறது. அதில் இப்படி இருக்கிறது: “நமது உற்பத்தித் திறனை 40,000 டன்னிலிருந்து 60,000 டன்னாக உயர்த்தும் விரிவாக்கத்துக்கு இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. முதல் கட்டமான 8,000 டன் உற்பத்தி வரிசையில் மார்ச் மாதம் சோதனை ஓட்டம் தொடங்கியது. தேவையான அனுமதிகள் கிடைத்ததும், மீதி அடுத்த நிதியாண்டின் இரண்டாம் பாதியில் உற்பத்திக்கு வரும்.”

தலைப்பு வாரியாகச் சுருக்கினால் “திறன் 60,000 டன்னாக உயர்கிறது, முதல் கட்டம் தொடங்கிவிட்டது” என்று வரும். பொய் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் இப்போதே 48,000 டன் ஓடுவதாக எடுத்துக்கொள்வார்.

பிரித்து எழுதினால் நடந்தவை இரண்டே: ஒப்புதல், சோதனை ஓட்டம். இரண்டும் இறந்தகால வினையில் இருந்தாலும் ஒரு டன்கூட விற்பனைக்குப் போனதாக அவை சொல்லவில்லை. அதனால் வினைமுற்றை நம்பிப் பிரிக்கக் கூடாது. மார்ச் 31 அன்று கையில் இருந்தது என்ன என்று கேட்டே பிரிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் முடிந்தவற்றுக்கு “ஆண்டுக்குப் பின்” என்று குறியிடுங்கள். அவை நடந்தவைதான், ஆனால் அவற்றின் வருமானம் இந்த ஆண்டுக் கணக்கில் இராது. வாக்குறுதிப் பட்டியலில் 12,000 டன், காலக்கெடு, அனுமதி என்ற நிபந்தனை மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது நிபந்தனைதான். இப்படி எழுதும்போது இன்னொன்றும் தெரியவரும்: அந்த 8,000 டன் எப்போது விற்பனைக்கான உற்பத்திக்கு வரும் என்று கடிதம் சொல்லவே இல்லை. அதற்கு நேரே “தேதி இல்லை” என்று எழுதுங்கள்.

பிறகு கணக்குக் குறிப்புகளைப் பாருங்கள். தணிக்கையாளர் தலைவர் கடிதத்துக்குச் சான்று தருவதில்லை. கணக்கோடு முரண்படுகிறதா என்று படித்துப் பார்ப்பதோடு சரி. இயந்திரம் இயங்கத் தயாரானதும் அதன் செலவு, முடியாத பணிகளுக்கான ‘கேபிடல் வொர்க்-இன்-பிராகிரஸ்’ கணக்கிலிருந்து நிலையான சொத்துக்கு மாறும். மாறாமல் இருந்தால் முதல் கட்டம் இன்னும் தயாராகவில்லை என்றே கொள்ளலாம். ஒப்பந்தம் போட்டு இன்னும் நிறைவேறாமல் இருக்கும் மூலதனச் செலவின் தொகைக்கும் தனிக் குறிப்பு உண்டு. திட்டம் பெரிதாகவும் அந்தத் தொகை மிகச் சிறிதாகவும் இருந்தால், இயந்திரங்களுக்குப் பெரிய ஆர்டர் இன்னும் போகவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் அடுத்த ஆண்டுதான். புதிய கடிதம் வந்ததும் பழைய வாக்குறுதிப் பட்டியலை இடப்பக்கம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே புதிய கடிதத்தின் வாக்கியத்தை எழுதலாம். பெரும்பாலும் நான்கில் ஒன்று தெரியும்: முடிந்தது, தேதி தள்ளிப்போனது, அளவு குறைந்தது (60,000 என்றது 55,000 ஆகியிருக்கும்), அல்லது பேச்சே இல்லை. கடைசியாகச் சொன்னதைத் தலைப்பு வாரிச் சுருக்கத்தில் பிடிப்பது கடினம். புதிய கடிதத்தில் இல்லாத ஒன்றை, புதிய கடிதத்தைப் படித்து மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கடிதம் முழுவதையும் திரும்பப் படித்தாக வேண்டும். இதற்காகவே வாக்குறுதிகளை உங்கள் சொல்லில் மாற்றாமல், கடிதத்தின் சொல்லிலேயே பக்க எண்ணோடு வையுங்கள். “இலக்கு”, “எதிர்பார்க்கிறோம்”, “உறுதியளிக்கிறோம்” மூன்றும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் “செய்யும்” என்று எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு நிறுவனம் சொல்லாத ஒன்றுக்கு அதைக் குறை சொல்ல நேரும்.

ஐந்தாறு தொழில்கள் உள்ள குழுமத்தில் ஒரே பிரிவைப் பற்றிக் கேட்பவருக்குத் தலைப்பு வாரிச் சுருக்கம் உதவும். அங்கும் ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் இரண்டு பட்டியல் வைக்கலாம். மென்பொருள், ஆலோசனை போன்ற சேவை நிறுவனங்களில் பிரிப்பது எளிது, சரிபார்ப்பதுதான் சிரமம். “வாடிக்கையாளர் உறவை ஆழப்படுத்தினோம்” என்பதற்குக் கணக்குக் குறிப்புகளில் தடயம் கிடைப்பது அரிது. அத்தகைய வாக்கியங்களை நடந்தவை பட்டியலில் சேர்ப்பதா என்பதில் எனக்கு உறுதியான விதி இல்லை. இப்போதைக்கு “அளவு தரப்படவில்லை” என்ற மூன்றாவது பட்டியலில் வைக்கிறேன்.