பாஸ்போர்ட் முதலில், விசா அப்புறம்: அப்பா அம்மாவின் பயணங்களுக்குத் தேதி பார்த்த அனுபவம்

அண்ணன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். சித்தி குடும்பம் கோலாலம்பூரில். திருச்சியில் இருக்கும் அப்பா அம்மா இரண்டு பக்கமும் போய்வருவதால், அவர்களுடைய பாஸ்போர்ட், விசா வேலைகளைப் பல வருடங்களாக நான்தான் பார்த்து வருகிறேன். இதில் நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம், பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது. பயணத்துக்கு உதவும் கடைசி நாள் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். எவ்வளவு முன்னால் என்பது போகிற நாட்டைப் பொறுத்தது.

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து போன்ற நாடுகளுக்கு, உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும். நுழையும் நாளா, கிளம்பும் நாளா என்பதைக் கவனிக்காமல் "ஆறு மாசம் இருந்தா போதும்" என்று பொதுவாகச் சொல்பவர்கள் நிறைய. அது சில இடங்களில் சரியாக வரும், சில இடங்களில் காலை வாரிவிடும்.

அப்பாவின் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். அது 2026 ஆகஸ்ட் 19 வரை செல்லும். அந்த வருடத்துக்கு இரண்டு பயணங்கள் பேச்சில் இருந்தன. பிப்ரவரி 15 அன்று கோலாலம்பூர் போய்ச் சித்தி மகள் கல்யாணத்தில் கலந்துகொள்வது ஒன்று. மே 15 கிளம்பி ஜூலை 10 வரை அண்ணன் வீட்டில் தங்குவது இன்னொன்று.

மலேசியாவுக்கு, பிப்ரவரி 15-இலிருந்து ஆறு மாதம் எண்ணினால் ஆகஸ்ட் 15. நான்கு நாள் மிச்சம். விதிப்படி போகலாம். ஆனால் கல்யாணத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனால் போக முடியாது. ஜெர்மனிக்கு, ஜூலை 10-இலிருந்து மூன்று மாதம் எண்ணினால் அக்டோபர் 10. பாஸ்போர்ட் ஆகஸ்டிலேயே முடிவதால் விண்ணப்பிக்கவே வழியில்லை. ஆக, புதுப்பித்தே ஆக வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி.

அம்மா, "கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து மாத்திக்கலாமே" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பின்னோக்கி எண்ணிப் பார்த்ததும் அது ஒத்துவராது என்று தெரிந்தது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பரிசீலனைக்குப் பதினைந்து நாள் என்பார்கள், தேவைப்பட்டால் அதை 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த 45-ஐத்தான் நான் எப்போதும் கணக்கில் வைப்பேன். மே 15-இலிருந்து அதைக் கழித்தால் மார்ச் மாதம் முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு எல்லோரும் போட்டி போடும் காலம் என்பதால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில வாரங்கள் ஆகும். அந்த விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் எண்ணைத் தர வேண்டும், எனவே புது எண் பிப்ரவரி நடுவிலேயே கையில் இருந்தாக வேண்டும். அப்பா அப்போது கோலாலம்பூரில் இருப்பார்!

ஜனவரியில் புதுப்பிக்கலாமா? அங்கே வேறு சிக்கல். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளும்போதே பழைய பாஸ்போர்ட்டை ரத்துசெய்து முத்திரை போட்டு, கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த நாளிலிருந்து புதியது தபாலில் வரும் வரை பயணத்துக்கு உதவும் பாஸ்போர்ட் எதுவும் உங்களிடம் இருக்காது. சாதாரண முறைக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது இன்னும் இழுக்கும். தட்கல் இருக்கிறதுதான், சாதாரணக் கட்டணமான 1,500 ரூபாய்க்கு மேல் இன்னொரு 2,000 கட்டினால் விசாரணையைப் பெரும்பாலும் பிறகு வைத்துக்கொள்வார்கள். ஆனால் அது அவசரத்துக்கு உதவும் வழி. அதை நம்பி விமான டிக்கெட் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் 2025 நவம்பர் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தோம். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவழங்கலுக்குப் போகலாம். இணையப் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் "Validity Expired within 3 years/Due to Expire" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிச்சமிருந்த ஒன்பது மாத ஆயுள் புதிய பாஸ்போர்ட்டில் சேராது, புதிய பத்து வருடம் வழங்கும் நாளிலிருந்துதான் தொடங்கும். அப்பாவுக்கு இது கொஞ்சம் வருத்தம், "காசு கட்டி வாங்கினதுல்ல" என்றார். நான் அதை நஷ்டமாக நினைக்கவில்லை. அந்த ஒன்பது மாதத்தில் முதல் மூன்று மாதம்தான் மலேசியாவுக்கே உதவியிருக்கும்.

விசா தேவையில்லாத நாடுகளில்தான் இந்த ஆறு மாத விதி அதிகம் பேரை மாட்டிவிடுகிறது. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பரிலிருந்து முப்பது நாள் வரை விசா இல்லாமல் போகலாம். விசா கேட்கும் நாடென்றால் பாஸ்போர்ட் ஆயுள் போதாது என்பதை விண்ணப்பத்தின்போதே சொல்லிவிடுவார்கள். விசா இல்லையென்றால் அதை முதன்முதலாகப் பார்ப்பவர் விமான நிலைய செக்-இன் கவுண்டரில் இருப்பவர்தான். தகுதியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பிக் கொண்டுவரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அங்கே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எங்கள் உறவினர் ஒருவரை ஐந்து மாதமும் சில நாளும் மிச்சமிருந்த பாஸ்போர்ட்டுடன் அப்படித்தான் நடுராத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். சாமான், டிக்கெட் எல்லாம் சரி, தேதி மட்டும் சரியில்லை.

நவம்பரிலேயே மாற்றியதில் இன்னொரு பெரிய பலன் ஜெர்மன் விசாவில் கிடைத்தது. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தனி ஏற்பாடு கொண்டுவந்தது. முந்தைய மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருட மல்டிப்பிள் என்ட்ரி விசா தரலாம். அதன்பின், பாஸ்போர்ட்டில் போதிய ஆயுள் இருந்தால், ஐந்து வருட விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள் என்ற தங்கும் வரம்பு மட்டும் மாறாது. அப்பா அம்மா இரண்டு பேரும் 2023-இலும் 2024-இலும் போய்வந்தவர்கள். பாஸ்போர்ட் தீரப்போகிற நிலையில் இருந்தால் இந்தத் தகுதி இருந்தும் பயனில்லை, விசாவின் நீளம் பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டாது. 2035 வரை செல்லும் பாஸ்போர்ட்டுடன் மார்ச் தொடக்கத்தில், கல்யாணம் முடிந்து திரும்பிய பிறகு, விண்ணப்பித்தோம். இருவருக்கும் இரண்டு வருட விசா வந்தது. முன்பே கொடுத்திருந்தால் பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கும், கல்யாணத்துக்குப் போயிருக்க முடியாது. அந்த வரிசையையும் பார்த்துத்தான் மார்ச் என்று முடிவு செய்தேன்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். முந்தைய இரண்டு விசாக்களும் பழைய பாஸ்போர்ட்டில்தான் இருக்கின்றன. ரத்தானதுதானே என்று அதைப் பரணில் போட்டுவிடாமல், புதியதோடு சேர்த்து விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டும், விசா ஒட்டிய பக்கங்களின் நகலோடு. பழையதில் இன்னும் காலாவதியாகாத விசா இருந்தால், உதாரணமாக அமெரிக்காவின் பத்து வருட விசா, சேவா கேந்திராவில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட் ரத்தானாலும் அந்த விசா செல்லும், அந்தப் பக்கம் சேதமாகாமல் இருக்க வேண்டும், பயணத்தில் இரண்டு புத்தகங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும்.