அடையாறு, மேடவாக்கம் ஃபிளாட் விலை: நேர்கோடா, அரை லாக்கா, இரட்டை லாக்கா?

ஹெடோனிக் ரிக்ரெஷனில் ஃபிளாட்டின் விலையை அதன் குணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். சதுர அடிக்கு இவ்வளவு, ஏரியாவுக்கு இவ்வளவு என்று வருவதுதான் மறைமுக விலை. எந்தச் சமன்பாட்டு வடிவத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த விலையின் பொருளே மாறிவிடும். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

மேடவாக்கத்தில் 1000 சதுர அடி ஃபிளாட் 70 லட்சம் என்று வைப்போம். நேர்கோட்டு வடிவத்தில் சதுர அடிக்கு 7000 ரூபாய், வீடு அடையாற்றில் இருந்தால் 1, மேடவாக்கத்தில் இருந்தால் 0 என்று வரும் அடையாறு டம்மிக்கு 70 லட்சம். 500 சதுர அடி வீடு மேடவாக்கத்தில் 35 லட்சம், அடையாற்றில் 105 லட்சம், அதாவது மூன்று மடங்கு. 2000 சதுர அடி வீட்டுக்கோ ஒன்றரை மடங்குதான். ஏரியா மதிப்பு வீட்டின் அளவோடு வளராமல் ஒட்டுமொத்தத் தொகையாக நிற்பது எந்த புரோக்கருக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். அளவையும் டம்மியையும் பெருக்கி ஒரு மாறி சேர்த்தால் சரியாகும். ஆனால் பத்து ஏரியா என்றால் பட்டியல் நீண்டுவிடும்.

விலைக்கு மட்டும் லாக் எடுப்பது அரை லாக்; அளவுக்கும் எடுப்பது இரட்டை லாக். கீழே P விலை, A சதுர அடி அளவு, D அடையாறு டம்மி.

```
ln P = a + 0.0009 A + 0.70 D
ln P = c + 0.90 ln A + 0.70 D
```

1000 சதுர அடியில் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: கூடுதல் ஒரு சதுர அடிக்கு 0.9 × 7000, அதாவது 6300 ரூபாய். புரோக்கர் சொல்லும் 7000 சராசரி. மறைமுக விலை இந்த 6300. ஆனால் 2000 சதுர அடிக்குப் போனால் அரை லாக் விலையை 2.46 மடங்காக்கும், இரட்டை லாக் 1.87 மடங்கு. பெரிய ஃபிளாட்டுகளின் எச்சங்களை, அதாவது உண்மை விலையின் லாக்கிலிருந்து சமன்பாடு சொல்வதைக் கழித்தால் மிஞ்சுவதை, அளவுக்கு எதிராக வரைந்து பாருங்கள். அரை லாக்கில் அவை பூஜ்யத்துக்குக் கீழே சரிந்து போனால், அந்த வடிவத்தைக் கைவிடலாம். R² வைத்து நேர்கோட்டையும் லாக்கையும் ஒப்பிடக் கூடாது. ஒன்று ரூபாயை விளக்குகிறது, மற்றது லாக்கை.

டம்மியின் 0.70-ஐ 70 சதவீதம் என்று படிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. exp(0.70) − 1 என்பது 1.01, அதாவது 101 சதவீதம். 0.05 போன்ற சின்னக் குணகமென்றால் வித்தியாசம் தெரியாது. சென்னையின் ஏரியா இடைவெளியில் நன்றாகவே தெரியும்.

என் தேர்வு இரட்டை லாக். ஆனால் எந்த வடிவமும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு: யூ.டி.எஸ்., அதாவது ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. பழைய மூன்று மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் நிலப் பங்கு, உயரமான புதிய அடுக்ககத்தில் கிடைப்பதைவிட மிக அதிகம். அடையாற்றுத் தரவில் பழைய வீடுகள் மிகுந்திருந்தால், நிலத்தின் விலையை டம்மி விழுங்கிவிடும். யூ.டி.எஸ்-ஐச் சேர்த்ததும் 0.70 கணிசமாக இறங்கினால் அதுதான் நடந்திருக்கிறது. இரண்டு ஏரியாவிலும் ஒரே மாதிரி யூ.டி.எஸ். உள்ள வீடுகள் சிலவாவது இல்லையென்றால், அப்புறம் எந்த லாக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது.