பெயருக்கு முன் எமோஜியா, பின் எமோஜியா, வெறும் சொல்லா?

முருகன் என்ற பிளம்பரின் எண்ணை `🔧 Murugan`, `Murugan 🔧`, `Murugan Plumber` என்று மூன்று விதமாகச் சேமிக்கலாம். பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைப்போரை மனத்தில் கொண்டு, இவற்றில் எது தேடலுக்கும் வரிசைக்கும் ஒத்துவருகிறது என்று பார்ப்போம்.

எமோஜி முன்னால் நிற்கும்போது வரிசைதான் முதலில் குலைகிறது. யூனிகோடின் பொதுவான வரிசை விதிப்படி குறியீடுகள் எண்களுக்கும் எழுத்துகளுக்கும் முன்னால் வருவதால், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முருகன் பட்டியலின் உச்சிக்குப் போய்விடுவார். ஐபோனிலோ `#` என்ற தலைப்பின் கீழ் பட்டியலின் கடைசிக்கு இறங்கிவிடுவார். இரண்டிலுமே `M` வரிசையில் அவரைத் தேடுபவருக்கு அவர் அகப்படமாட்டார். அடிக்கடி அழைக்கும் நான்கைந்து பேரை மேலே நிறுத்துவதற்காக இப்படிச் செய்வோர் உண்டு. அதற்கென்றே பிடித்தவர்கள் பட்டியல் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பது என் எண்ணம்.

எமோஜியைப் பின்னால் வைத்தால் வரிசை கெடாது. அழைப்பு வரும்போது யார் என்று கண்ணுக்குச் சட்டென்று புலப்படும் வசதியும் அப்படியே இருக்கும். ஆனால் பெயர் மறந்துபோய், 'பிளம்பர் யார்?' என்று தேடும் நேரத்தில் இது கைகொடுக்குமா என்பது ஐயமே. சில செயலிகள் எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்கிவிட்டே பெயர்களை ஒப்பிடுவதால், தேடல் பெட்டியில் 🔧 என்று இட்டாலும் எதுவும் வராமல் போகலாம். எமோஜியையும் கணக்கில் எடுக்கும் செயலியில் வேறொரு சிக்கல் உண்டு: ❤️, ♥️ ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் குறியெண்கள் வேறு (`U+2764`, `U+2665`), ஒன்றைச் சேமித்துவிட்டு மற்றொன்றைத் தேடினால் கிடைக்காது. குடும்பத்தைக் குறிக்கும் 👨‍👩‍👧 ஒரே படமாகத் தெரிந்தாலும், உண்மையில் மூன்று எமோஜிகளை இடையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளால் கோத்த தொடராகும்.

சொல்லாக எழுதிய `Plumber` இந்த இடத்தில்தான் முந்துகிறது. எண்பலகையிலேயே பெயர் தேடும் போன்களில் `687` என்று அழுத்தினால் `Mur` வரும். `758` என்று அழுத்தினால் `Plu` வரும். 🔧 என்பதற்கு அந்தப் பலகையில் பொத்தானே கிடையாது. ஐபோனில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: வழக்கமான அமைப்பில் அது கடைசிப் பெயரை வைத்தே வரிசைப்படுத்துவதால், `Plumber` என்பதை அந்தக் கட்டத்தில் எழுதினால் முருகன் `P` வரிசைக்கு மாறிவிடுவார். முழுவதையும் முதற்பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே தொழிலைச் சொல்லாகவே எழுதி, அடையாளத்துக்கு எமோஜி வேண்டுமென்றால் அதைக் கடைசியில், ஓர் இடைவெளி விட்டுச் சேர்ப்பதையே நான் தேர்வேன்: `Murugan Plumber 🔧`. எண்களைச் சிம் அட்டையிலோ பழைய பொத்தான் போனிலோ வைத்திருப்போர் அந்த எமோஜியையும் விட்டுவிடுவது நல்லது. அங்கே அது பெரும்பாலும் வெறும் கட்டமாகவே தெரியும்.