10400 எம்ஏஹெச்னு ஸ்டிக்கர் ஒட்டின மினி யுபிஎஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், வீட்ல இருந்தே சென்னை கம்பெனிக்கு வேலை. தானே புயல்ல கரன்ட் இல்லாம கெடந்ததெல்லாம் இங்க யாரும் மறக்கல, அதனால 2024 மழைக்கு முன்னாடியே ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கிடலாம்னு டவுன்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடை பேரு சொல்லல, ஆனா இதே கதைய சொல்லி பல கடைல விக்கறாங்க.

கடைக்காரர் டப்பாவ திருப்பிக் காட்டினாரு, 10400 எம்ஏஹெச். "அக்கா, உங்க ரவுட்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர் தானே, 10400ஐ ஆயிரத்தால வகுங்க, பத்து மணி நேரம். நான் எட்டுன்னே சொல்றேன், பயப்படாம எடுத்துட்டுப் போங்க." கணக்கு சரியாத்தான இருக்குன்னு 1,650 ரூபாய் குடுத்துட்டு வந்துட்டேன்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறுற அன்னிக்கு கரன்ட் போச்சு. துபாய்ல இருந்து தம்பி வாட்ஸ்அப்ல கூப்பிட்டுட்டே இருக்கான், அம்மா போன்ல சார்ஜ் கம்மியா இருக்குன்னு அதையும் அந்த யுபிஎஸ்லயே யுஎஸ்பில சொருகினேன், நாப்பதே நிமிஷம், ரவுட்டர் லைட் எல்லாம் ஒண்ணா அணைஞ்சிருச்சு. ராத்திரி முழுக்க அவன் அங்க தவிக்கிறான், நாங்க இங்க.

போன் போட்டதாலதான்னு நெனச்சு, கரன்ட் வந்தப்புறம் ஃபுல்லா சார்ஜ் ஏத்தி ரவுட்டர் மட்டும் போட்டு கடிகாரம் வச்சுப் பார்த்தேன். 1 மணி 5 நிமிஷம். கடைல கேட்டா "உங்க ரவுட்டர் ஜாஸ்தி இழுக்குதுக்கா, இன்னும் ரெண்டாயிரம் போட்டு கம்ப்யூட்டர் யுபிஎஸ் எடுத்துக்கோங்க"ன்னாரு. அது வேலைய சேவ் பண்ணி கம்ப்யூட்டர ஆஃப் பண்றதுக்குன்னு பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு செஞ்சது. ரவுட்டர் கொஞ்சூண்டு கரன்ட் எடுக்கும், அந்த யுபிஎஸ்ஸோ 230 வோல்ட் உண்டாக்கறதுக்கே பேட்டரிய தின்னுட்டிருக்கும். வேணாம்னு வந்துட்டேன்.

தெரிஞ்ச ரிப்பேர் அண்ணன் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன், அவர்தான் முழுசா வெளக்கினாரு. "ஏம்மா, இந்த 10400ங்கறது உள்ள இருக்கற செல்லோட கணக்கு, செல் 3.7 வோல்ட்டு. உன் ரவுட்டர் கேக்கறது 12 வோல்ட்டு. ஏத்திக் குடுக்கறப்ப அந்த நம்பர் மூணுல ஒரு பங்கா எறங்கிடும்." அதாவது 10400ஐ 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா சுமார் 38 வாட் அவர், ஏத்தறப்ப வீணாகறது போக 31, 32 கைக்கு வரும். என் ரவுட்டர மீட்டர்ல போட்டுப் பார்த்தாரு, 7 வாட் எடுக்குது. அடாப்டர்ல போட்ட 12 வோல்ட் 1 ஆம்பியர்ங்கறது அது அதிகபட்சமா குடுக்கக்கூடியது, எப்பவும் அவ்ளோ இழுக்காது. ஆக நெசமான 10400ஆ இருந்தாக்கூட நாலரை மணி நேரம்தான், எட்டுங்கறதே பொய்.

அப்புறம் திறந்தாரு. 10400ன்னா 2600 செல் நாலு இருக்கணும். உள்ள ரெண்டே ரெண்டு, பேரே இல்லாத நீலக் கலர் செல்லு, டெஸ்டர்ல போட்டா ஒண்ணு 1180, இன்னொண்ணு 1230. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

திறக்காமலே கண்டுபிடிக்கவும் வழி இருக்கு, எடைதான். அந்த உருண்டை லித்தியம் செல் ஒண்ணு கிட்டத்தட்ட 45 கிராம், நாலு செல்லே 180 ஆச்சு, போர்டு டப்பா எல்லாம் சேர்த்தா அதுக்கும் மேல வரணும். என்னோடத மளிகைக்கடை தராசுல வச்சுப் பார்த்தேன், மொத்தமே 160. எடை சரியா இருக்கறதாலயே செல்லு நல்லதுன்னு ஆயிடாது, ஆனா கம்மியா இருந்தா கண்டிப்பா ஏமாத்து. வாட் அவர் எவ்ளோன்னு டப்பால அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, அத உங்க ரவுட்டர் வாட்டால வகுங்க, அஞ்சுல ஒரு பங்க கழிங்க. வாங்கின அன்னிக்கே கடிகாரம் வச்சு ஓட்டிப் பாருங்க, நான் புயல் வர்ற வரைக்கும் பெட்டியிலயே வச்சிருந்தேன், அதுலயே திருப்பிக் குடுக்கற நாளும் முடிஞ்சுபோச்சு. உங்க ரவுட்டர் 9 வோல்ட்டா 12ஆன்னு அதோட அடாப்டர்ல பார்த்துக்கோங்க, 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 குடுத்தா ரவுட்டரே போயிடலாம்.

போன் சார்ஜுக்கு தயவுசெஞ்சு தனியா பவர் பேங்க் வச்சுக்கோங்க. 5000 எம்ஏஹெச் போன் ஒண்ண ஃபுல்லா ஏத்தவே 20 வாட் அவருக்கு மேல போயிடும், அது ரவுட்டர் மூணு மணி நேரம் ஓடற கரன்ட்டு.

இப்ப வேற ஒண்ணு வாங்கியிருக்கேன், 38 வாட் அவர்னு போட்டிருக்கு, ரவுட்டர் மட்டும் போட்டு 4 மணி 20 நிமிஷம் ஓடுச்சு. கேபிள்காரர் பெட்டிக்கு தெருவுல கரன்ட் இல்லன்னா நம்ம ரவுட்டர் ஓடினாலும் நெட் வராது, அதுக்கு யுபிஎஸ்ஸ குறை சொல்லக் கூடாது, உங்க ஏரியா கேபிள்காரர்கிட்ட அவருக்கு பேக்கப் எவ்ளோ நேரம்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

போன வாரம் அந்தக் கடை வழியா வந்தேன். அதே டப்பா, கண்ணாடி அலமாரில முன்னாடியே அடுக்கி வச்சிருக்காங்க, மேல புதுசா ஒரு ஸ்டிக்கர், "8 மணி நேரம் கேரண்டி".