ஒரு பிரிட்ஜின் மின்னோட்டத்தை அளக்க எது ஏற்றது: ACS712, SCT-013-000, SCT-013-030

பிரிட்ஜ் மாதத்துக்கு எத்தனை யூனிட் எடுக்கிறது என்பதை அர்டுயினோ பலகை கொண்டு வீட்டிலேயே கணிக்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இந்த மூன்று சென்சார்கள்தாம் வந்து நிற்கும். 5 ஆம்பியர் வகை ACS712 ஓர் ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தருகிறது. நுண்மையில் மற்ற இரண்டும் இதற்கு அருகில் வரா. ஆனாலும் வீட்டு வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பியை வெட்டி அதன் வழியாகவே மின்சாரத்தைச் செலுத்த வேண்டியிருப்பதால், விரல் படும் தூரத்தில் உள்ள திருகுகளிலும் ஈயப்பற்றுகளிலும் 230 வோல்ட் திறந்து கிடக்கும். SCT-013 கவ்விகளோ காப்புறையோடு இருக்கும் கம்பியை வெளியிலிருந்து சுற்றிப் பிடிப்பவை. எந்த இணைப்பையும் அவிழ்க்கத் தேவையில்லை.

பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு கவ்விகளும் வெளியே தருவது வேறு வேறு. SCT-013-000 மின்னோட்டத்தைத் தருகிறது: கம்பியில் 100 ஆம்பியர் ஓடினால் 50 மில்லி ஆம்பியர். அதை வோல்ட்டாக மாற்ற, 5 வோல்ட் அர்டுயினோவுக்கு வழக்கமாக 33 ஓம் சுமைத்தடையை நாம் இணைக்க வேண்டும். SCT-013-030 தனக்குள்ளேயே தடையைக் கொண்டது. 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தருகிறது. இந்த வேறுபாடு பாதுகாப்பையும் தொடுகிறது. சுமைத்தடை இல்லாமல் முதல் வகையைக் கம்பியில் மாட்டினால், போக வழியற்ற மின்னோட்டம் அதன் முனைகளில் அழுத்தத்தை உயர்த்தும். உள்ளே காப்பு டயோடு இருந்தாலும் அதை நம்பி விடக் கூடாது; முதலில் தடையை இணைத்து, பிறகே கவ்வியை மாட்ட வேண்டும்.

ஓடும்போது 0.8 ஆம்பியர் எடுக்கும் பிரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வகை 13 மில்லிவோல்ட், இரண்டாவது 27 மில்லிவோல்ட் தரும். அர்டுயினோ பிரித்தறியும் மிகச் சிறிய அளவான ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் என்பதால், முழு அலையும் முதல் வகையில் ஏழெட்டுப் படிகளுக்குள்ளும் இரண்டாவதில் பதினைந்து படிகளுக்குள்ளும் அடங்கிவிடுகிறது, இரண்டுமே போதா. இதற்கு மருந்து எளியது. ஃபேஸ் கம்பியைக் கவ்வியின் துளை வழியாக ஐந்து முறை செலுத்தினால், கவ்வி ஐந்து மடங்கு மின்னோட்டத்தை உணரும். SCT-013-030இல் படிகள் எழுபதைத் தாண்டும். தனித்தனிக் கம்பிகள் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றில், பிளக்கைக் கழற்றிய நிலையில், உள்காப்புக்குச் சேதமின்றி இதைச் செய்யலாம். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்து, அளவு பூச்சியமாகிவிடும். முதன்முறை அளப்போர் பலர் தடுமாறுவது இங்கேதான்.

மின்னளவைக்கான அர்டுயினோ நிரல் நூலகமான எமன்லிப்பில் SCT-013-030இன் அளவுதிருத்த எண் 30. ஐந்து சுற்றுக்கு அதை ஐந்தால் வகுக்க வேண்டும்:

```
emon1.current(1, 6.0);
double amps = emon1.calcIrms(1480);
```

எண் சரியா என்பதை 1000 வாட் இஸ்திரிப்பெட்டியால் சோதிக்கலாம். வீட்டின் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். மீட்டர் முகப்பில் 3200 imp/kWh, அதாவது யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று இருந்தால், 1000 வாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 முறை அது சிமிட்டும். அதே நேரத்தில் அர்டுயினோ 4.3 ஆம்பியருக்கு அருகில் காட்ட வேண்டும். வெகு குறைவாகக் காட்டினால் கவ்வியின் தாடைகளுக்கிடையே தூசு அல்லது முழுமையாக மூடாத இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதே மீட்டர் விளக்கு இன்னொரு பெரிய பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. கவ்விக்கு மின்னோட்டம் மட்டுமே தெரியும், 0.8-ஐ 230-ஆல் பெருக்கினால் 184 கிடைத்தாலும் அது தோற்றத்திறன்தான், வாட் அன்று. பிரிட்ஜ் மட்டும் ஓடும்போது பத்து நிமிடத்தில் விளக்கு 64 முறை சிமிட்டினால், செலவானது 0.02 யூனிட், அதாவது 120 வாட். இரண்டின் விகிதமான 0.65 அந்த பிரிட்ஜின் திறன்காரணி. கம்ப்ரசர் நாளில் பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால், திருத்தாத கணக்கு மாதம் 66 யூனிட் என்கிறது. திருத்திய கணக்கு 43 யூனிட்.

இந்த 0.65-ஐ வேறொரு சாதனத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வேகத்தை மாற்றிக்கொண்டே ஓடும் இன்வெர்ட்டர் பிரிட்ஜுக்கு ஒரே எண் எப்போதும் பொருந்தாது. அங்கே 9 வோல்ட் மாறுமின்னோட்டம் தரும் சிறு டிரான்ஸ்பார்மர் வழியாக மின்னழுத்த அலையையும் கவ்வியோடு ஒரே நேரத்தில் அளந்து, கணத்துக்குக் கணம் பெருக்கியே உண்மையான வாட்டைப் பெற முடியும்.