ஆறு வருஷக் குக்கரும் 62 மில்லிமீற்றர் மூடியும்

மேல் மாடி மாமி போன கிழமை கேட்டா, "பிள்ளை, உன்ர காஸ் குக்கர் மொடல் இப்ப கழிவு விலையில போட்டிருக்கிறாங்கள், எடுக்கலாமா?" என்று. வாசலில் நின்றே பதில் சொல்லத் தொடங்கி, உள்ளே கூப்பிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அது முடிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மாமி பாவம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2019இல் வெள்ளவத்தையில் வாங்கின இரட்டை அடுப்பு. கண்ணாடி மேல்தட்டு இல்லாத, சாதாரண சில்வர் தட்டு. 2021 கடைசியில் காஸ் வெடிப்புச் செய்திகள் நாளுக்கு ஒன்றாக வந்தபோது, பக்கத்து வீட்டார் தங்கள் கண்ணாடி அடுப்பைப் பயந்து பயந்து பார்த்தார்கள். நான் ஹோஸ் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இடியப்பம் அவித்தேன். இடது பக்கச் சின்னப் பேர்னரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பாலை அதில் வைத்துவிட்டு போனில் கதைத்துக்கொண்டிருக்கலாம், பொங்காது. அவ்வளவு சின்னதாகக் குறைக்கலாம், குறைத்த இடத்திலேயே நிற்கும்.

பிரச்சினை வலது பக்கம். கழுவும்போது பேர்னரின் பித்தளை மூடி கை தவறித் தரையில் விழுந்தது. ஒரு ஓரம் லேசாக வளைந்தது, அவ்வளவுதான். திருப்பி வைத்தேன், எரிந்தது. இரண்டு நாள் கழித்து, தணலைக் குறைத்தால் "டப்" என்று ஒரு சத்தம். பிறகு மேலே நெருப்பைக் காணவில்லை, உள்ளே "ஸ்ஸ்" என்று இரைச்சல், திருகும் குமிழ் கையைச் சுடுகிறது. நெருப்பு மூடிக்கு அடியில் இறங்கி, காஸ் வரும் ஜெட்டின் வாயிலேயே எரிகிறது என்று அர்த்தம். மூடியின் வெட்டுகளால் காஸும் காற்றும் கலந்து வெளியே வரும் வேகம், நெருப்பு பின்னோக்கி ஓடும் வேகத்தைவிடக் குறைந்தால் இப்படி நடக்கும். மூடி சாய்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தால், கலவை அந்தப் பக்கத்தால் போய்விடுகிறது. மற்ற வெட்டுகளில் வேகம் விழுகிறது, தணலைக் குறைத்த உடனே நெருப்பு உள்ளே போகிறது. இப்படி நடந்தால் உடனே குமிழை மூட வேண்டும். ஆறும்வரை தொடக்கூடாது.

குக்கர் வாங்கின கடைக்குப் போன் எடுத்தேன். மொடல் பெயர் சொன்னேன். "அந்த மூடி தனியா வாறதில்லை மிஸ், பேர்னர் முழுசா மாத்தணும். அதுவும் இப்ப ஸ்டொக் இல்லை." பிறகு உதிரிப்பாகம் விற்கும் இன்னொரு கடைக்காரர், "போட்டோ அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார். என் ஆறு வருஷ எரிச்சலின் மையம் இந்தப் போட்டோதான்.

நான் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். மூடியைக் கவிழ்த்து மேசையில் வைத்து, பக்கத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து, போனைக் கிட்டக் கொண்டுபோய்த் தெளிவாக எடுத்தேன். மூடிக்குக் கீழே ஒரு கழுத்து இருக்கும். அது பேர்னர் கிண்ணத்துக்குள் இறங்கி உட்காரும். அதன் வெளி விட்டம்தான் பொருந்துமா பொருந்தாதா என்று தீர்மானிக்கிறது. மேலே தெரியும் பூவுக்கும் வெட்டுக்கும் அதில் பங்கில்லை. போட்டோவில் அடிமட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கழுத்து 71 மில்லிமீற்றர் மாதிரித் தெரிந்தது. கடைக்காரரும் அப்படித்தான் எண்ணி, 71இல் ஒன்றை அனுப்பிவிட்டார். 1,800 ரூபா. என் கிண்ணத்துக்குள் அது இறங்கவே இல்லை, கிண்ணத்தின் விளிம்பில் தொப்பி மாதிரி நின்றது.

கோபம் ஆறின பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அடிமட்டம் மேசையில் கிடக்கிறது. கவிழ்த்த மூடியின் கழுத்து விளிம்போ மேசையிலிருந்து இரண்டு சென்றிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. போன் மேசையிலிருந்து 15 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தது. ஆகவே கழுத்து போனிலிருந்து 13, அடிமட்டம் 15. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும்: 15ஐ 13ஆல் பிரித்தால் 1.15. உண்மையான 62, படத்தில் 71 ஆகிவிட்டது. கடைக்காரரில் பிழை இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல மனம் வரவில்லை. அவரும் ஒரு வார்த்தை "அளந்தீங்களா?" என்று கேட்டிருக்கலாம்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் செலவில்லை. ஒன்று, போனை ஒரு மீற்றர் தூரத்தில் வைத்து சூம் பண்ணி எடுப்பது. அப்போது அதே இரண்டு சென்றிமீற்றர் வித்தியாசம் 100க்கு 98தான், 62 என்பது 63 மாதிரித் தெரியும். அடிமட்டத்தையும் தீப்பெட்டி மாதிரி ஒன்றின் மேல் வைத்துக் கழுத்தின் மட்டத்துக்கு உயர்த்தினால் அந்த வித்தியாசமும் போய்விடும். மற்றது, போட்டோவையே நம்பாமல் நூலைச் சுற்றுவது. தையல் நூலைக் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று இழுத்துப் பிடித்து, சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறித்து, நூலை விரித்து அளந்தால் என்னுடையது 195 மில்லிமீற்றர். 3.14ஆல் பிரித்தால் 62. வளைந்த ஓரத்தைத் தவிர்த்து, கழுத்தின் நல்ல பகுதியில் சுற்ற வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் முன் இன்னொரு பிழையும் விட்டேன். அதுதான் ஆபத்தானது. பொருந்தாத பெரிய மூடி உங்களுக்கு உடனே முகத்தில் சொல்லிவிடும். சின்னது சொல்லாது. இன்னொரு கடையில் கண்ணளவில் பார்த்துக் கொடுத்த மூடி கழுத்தில் 60தான் இருந்தது. கிண்ணத்துக்குள் நல்லபடி இறங்கி, அழகாக உட்கார்ந்தது. இரண்டு மில்லிமீற்றர் என்றால் என்ன என்று நினைத்தேன். அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல் வெட்டுகளில் நீலமாக எரியும் அதே நேரம் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு பக்கம் மெல்லிய நாக்கு ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. சட்டியின் அடியில் ஒரு பக்கம் மட்டும் கரி. அந்த இடைவெளியால் ஓடும் காஸ் வெட்டுகளுக்குப் போகாதது, ஆகவே பழைய "டப்" நோயும் திரும்பி வந்தது. மூடி மாற்றினால் இருட்டில் ஒருக்கா சுற்றிப் பாருங்கள். பகலில் அந்த நாக்கு கண்ணுக்குத் தெரியாது.

கடைசியில் நூலைக் கட்டிக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு சின்னக் கடை, வாசல் முழுக்கப் பேர்னரும் குமிழும் தொங்கும். கடைக்கார நானாவிடம் போனை நீட்டினேன். பார்க்கவே இல்லை.

"போட்டோ வேணாம் மகள். பழைய மூடி கொண்டுவந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். கவிழ்த்தார், கழுத்தில் விரலை ஓட்டினார், பெட்டி ஒன்றிலிருந்து நாலு மூடி எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் கழுத்தையும் பழையதோடு வாய்க்கு வாய் வைத்துப் பார்த்தார். கழுத்தின் ஆழத்தையும் பார்த்தார். ஆழம் கூடினால் கிண்ணத்தின் அடியில் இடித்து மூடி தூக்கி நிற்குமாம். பிறகு ஒன்றைக் கையில் தந்து, "பாரம் பாருங்க" என்றார். பழையதின் பாரம் இல்லை. ஆணியால் அடிப்பக்கத்தைக் கீறினார், மஞ்சளுக்கு உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மஞ்சள் பூச்சு. பித்தளையோடு பார்த்தால் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு பாரம்தான், சூட்டுக்கு நெளியும். "இது விலை குறைவு, நீங்க கேட்டா தருவன், நீங்க கேட்க மாட்டீங்க" என்று சொல்லிப் பித்தளையை வைத்தார். 62. இரண்டு வருஷமாக அதுதான் எரிகிறது. இருட்டில் சுற்றிப் பார்த்தேன், நாக்கு இல்லை.

இடையில் வீட்டுக்கு வந்த திருத்துபவர் ஒருவர், ஜெட்டின் துளையை ஊசியால் சுத்தம் செய்யப் பார்த்தார். நிற்பாட்டினேன். அந்தப் பித்தளைத் துளை என் குக்கரில் 0.75 மில்லிமீற்றர், பக்கத்தில் 75 என்று குத்தியிருக்கிறது. ஊசி அதை 0.85 ஆக்கினால் பத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் காஸ் துளையின் பரப்பளவைப் பொறுத்து வரும், ஆகவே 28 வீதம் கூடுதலாக வரும். காற்று அவ்வளவுக்கு அதிகரிக்காது, மஞ்சள் நெருப்பும் கரியும்தான் மிச்சம். அடைத்தால் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு ஊதுவது, இல்லாவிட்டால் அதே எண் போட்ட புது ஜெட்.

ரெகுலேட்டருக்குப் போட்டோ பரவாயில்லை, ஆனால் அழகான மேல்பக்கத்தை எடுத்து அனுப்ப வேண்டாம். பொறித்திருக்கும் எழுத்தை எடுங்கள். என்னுடையதில் 30 மில்லிபார் என்று இருக்கிறது, அது குக்கரின் அடித்தட்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சிலிண்டரின் வாயையும் ஒரு படம் எடுங்கள், ரெகுலேட்டர் எந்த வாயில் பூட்டுகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. ஹோட்டல் அடுப்புக்கான உயர் அழுத்தக்காரன் தூரத்தில் பார்க்க இதே மாதிரி இருப்பான், வீட்டுக் குக்கருக்கு ஆகவே ஆகாது. பழுதான ரெகுலேட்டரைத் திறந்து திருத்துவதும் இல்லை. புதிது வாங்கி, நுரை பூசிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைப்பது.

சரி மாமி, தீர்ப்பு. ஆறு வருஷத்தில் ஒரு மூடி தவிர ஒன்றும் போகவில்லை. இடது பேர்னர் தங்கம். ஆனாலும் வாங்காதீங்க. ஒரு சின்ன மூடியைத் தனியாக விற்க மாட்டேன் என்று சொல்லும் ஆட்களுக்கு எதற்குக் காசு கொடுப்பது? என்னுடையதை நான் விற்கப்போகிறேனா என்று மாமி கேட்டா. இல்லை என்றேன். மாமி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போயிட்டா.

நேற்று லிஃப்டில் மாமியைப் பெட்டியோடு சந்தித்தேன். எடுத்துவிட்டா. இன்றைக்கு மூடியைக் கவிழ்த்து நூல் சுற்றி, நீளத்தை வட்ஸ்அப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் 195 தானா, இல்லை அதையும் மாற்றிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.