கிளிப்பைத் தொடர்வதா, கேள்வியைத் தொடர்வதா: ரியாக்‌ஷன் ஸ்கிரிப்டின் இரண்டு வடிவங்கள்

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் ரியாக்‌ஷன் காணொளி செய்பவர்கள் ஸ்கிரிப்ட் எழுதும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதல் வழியில், பரவிக்கொண்டிருக்கும் கிளிப்பைத் தொடக்கத்திலிருந்து ஓட்டி, சில விநாடிகளுக்கு ஒருமுறை நிறுத்தி, அப்போது தோன்றுவதைச் சொல்கிறார்கள். இரண்டாவது வழியில், கிளிப் எழுப்பும் ஒரே ஒரு கேள்வியை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தக் கேள்விக்குப் பயன்படும் இடங்களை மட்டும் கிளிப்பிலிருந்து எடுத்துச் சாட்சியாக வைக்கிறார்கள். எது மேல் என்பதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் தெளியாது. ஒரே கிளிப்பை இரு வழிகளிலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

2024 மார்ச் மாதத்துத் தண்ணீர்த் தட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நகரின் கிழக்கு விளிம்பில் உள்ள ஒரு லேஅவுட்டில், டேங்கர் லாரிக்கு முன்னால் நிற்கும் ஓர் இளைஞர், “தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், அதனால்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை” என்று ஒரு நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடங்களின் வரிசை, டேங்கர்காரரிடம் விலை பேசும் காட்சி, கடைசியில் அரசியல்வாதிகள் மீது ஒரு வசவு. கிளிப்பில் இருப்பது அவ்வளவுதான். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ இருக்கும் தமிழ் சானல் ஒன்று இதைத் தொட்டே ஆக வேண்டிய நிலை, ஏனென்றால் பார்வையாளர்கள் அந்தக் கிளிப்பை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

நிறுத்தி நிறுத்திப் பேசும் வடிவத்தில் இந்த ஸ்கிரிப்ட் எப்படி வரும் என்பது எழுதும் முன்பே தெரியும். குடங்கள் வரும் இடத்தில் “எவ்வளவு பெரிய வரிசை பாருங்கள்” என்ற வரி, விலை பேசும் இடத்தில் “இது பகல் கொள்ளை இல்லையா” என்ற வரி, தமிழ்நாட்டின் பெயர் வரும் இடத்தில் ஒரு நீண்ட மௌனம், பிறகு கோபம். இந்த மூன்றும் திரையில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சொல்பவை. எழுதுபவரின் சோம்பல் மட்டும் இதற்குக் காரணம் அன்று. கிளிப் நின்ற இடத்தில் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம், சொல்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலும் ஒரு வரியை எழுத வைக்கிறது. யூடியூபில் எட்டு நிமிடத்துக்குக் குறையாத காணொளிக்கே நடுவில் விளம்பரம் வைக்க முடியும் என்பதால், ஒரு நிமிடக் கிளிப்பை எட்டு நிமிடத்துக்கு இழுக்கும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், கிளிப்பின் வரிசையில் நடப்பவர் அந்த இளைஞர் போட்ட கேள்விக்குள்ளேயே நின்றுவிடுகிறார் என்பது. தமிழ்நாட்டைக் குற்றம் சாட்டுவதா, காப்பாற்றுவதா என்ற இரண்டைத் தவிர வேறு இடம் அவருக்குக் கிடைப்பதில்லை. 1991இலும் 2016இலும் காவிரியின் பெயரால் வன்முறை நடந்த நகரில் உட்கார்ந்துகொண்டு அந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவது சலிப்பு தருவதோடு நிற்காது.

கேள்வியிலிருந்து தொடங்கும் வடிவத்தில், எழுதுபவர் கிளிப்பின் ஒலியை அணைத்துவிட்டு, அது எடுக்கப்பட்ட இடத்தைப் பார்க்கிறார். அப்போது எழும் கேள்வி இது: “இந்தத் தெருவுக்குக் காவிரிக் குழாய் எப்போதாவது வந்திருக்கிறதா?” 2007இல் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது சேர்க்கப்பட்ட 110 கிராமங்களில் அந்த லேஅவுட் ஒன்றாக இருந்தால், 2024 மார்ச்சில் அங்கே காவிரி நீர் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பகுதிகளை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை அங்குள்ளவர்கள் நம்பியிருந்தது போர்வெல்லையும் டேங்கரையும். மழை பொய்த்த 2023க்குப் பின் வறண்டவை அந்தப் போர்வெல்கள். ஆகவே அந்த இளைஞரின் வீட்டில் தண்ணீர் இல்லை என்பது உண்மை, அவர் சொன்ன காரணம் மட்டும் அந்தத் தெருவுக்குப் பொருந்தவில்லை. நகரின் பழைய மையப்பகுதிக் குழாய்களைப் பற்றி அவர் பேசியிருந்தால் விவாதம் வேறாக இருந்திருக்கும்.

இதற்கு மேல் ஒரே ஒரு தகவல் போதும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தபோது, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை ஆண்டு முழுவதும் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 37 கோடி லிட்டர். தீர்ப்பு ஒதுக்கிய நீர் வீட்டை அடைய, நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டுவரும் குழாயும், தெருவுக்குள் கிளைக்குழாயும் வேண்டும் என்பதை ஸ்கிரிப்ட் இங்கே சொல்லலாம். திரையில் பேசும் வரி எளிமையாக இருக்கட்டும்: “அண்ணா, உங்க கோபம் நியாயம்தான். ஆனா உங்க தெருவுக்குக் குழாயே வரலையே, அப்புறம் அதுல வர்ற தண்ணிய யார் நிறுத்த முடியும்?” பார்வையாளர் இதுவரை கேட்டிராத வரி இதுதான். மற்றவை அதற்குத் துணை.

இந்த வடிவத்துக்கும் கேடுகள் உண்டு. தரவைச் சரிபார்க்க ஒரு நாளாவது பிடிக்கும், அதற்குள் கிளிப் பழையதாகிவிடலாம். கிளிப்பைப் பார்க்க வந்தவருக்கு முதல் அரை நிமிடத்துக்குள் அதைக் காட்டாவிட்டால் அவர் போய்விடுவார். மிக மோசமானது, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போது பேசியவரின் கருத்தே திரிந்துவிடுவது. அவருடைய மையக் குற்றச்சாட்டு உள்ள வாக்கியத்தையாவது முன்னும் பின்னும் அறுக்காமல் ஒருமுறை முழுமையாக ஓட்டியே தீர வேண்டும். அமைச்சரின் செய்தியாளர் சந்திப்பு போல, ஒரு வாதம் படிப்படியாகக் கட்டப்படும் கிளிப்பாக இருந்தால் நான் தயங்காமல் முதல் வடிவத்தையே எடுப்பேன், ஏனென்றால் அங்கே ஒரு படியைத் தாண்டினாலும் அது அநீதி.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, இத்தனை விநாடி வரை எடுத்தால் பாதுகாப்பு என்று சுற்றும் கணக்குக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. அதன் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, விநாடிகளை எண்ணுவதில்லை. யூடியூபின் வருமான விதிகளும், பிறர் காணொளியைப் பெயரளவுக் கருத்தோடு மறுபடி போடுவதை ஏற்பதில்லை. இரண்டிலும் இரண்டாவது வடிவமே உறுதியான நிலையில் நிற்கிறது.

எழுதிய ஸ்கிரிப்ட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பதிவு செய்யும் முன்பே கண்டுபிடிக்கலாம். கிளிப் ஓடும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தை அந்தக் கிளிப்பைப் பார்க்காத ஒருவரிடம் உரக்கப் படிக்க வேண்டும். அவருக்குப் புதிதாக ஒரு செய்தி கிடைத்தால் ஸ்கிரிப்ட் நிற்கும்; “எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?” என்று அவர் கேட்டால், இருப்பதெல்லாம் எதிரொலிதான். வெளியிட்ட பிறகு யூடியூப் ஸ்டுடியோவின் பார்வை நீடிப்பு வரைபடமும் இதையே காட்டும்: எழுதுபவர் பேசும் இடங்களில் கோடு சரிந்து, கிளிப் மறுபடி தொடங்கும் இடங்களில் ஏறினால், மக்கள் பேச்சைத் தாண்டிக் கிளிப்பைத் தேடிப் போகிறார்கள்.

வேகம் தேவைப்படும் சானலுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. கிளிப் பரவும் நாளன்றே ஒரு ஷார்ட்ஸில் குற்றச்சாட்டு வாக்கியத்தை முழுமையாக ஓட்டி, குழாய் பற்றிய அந்த ஒரே கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்திவிட்டு, விடையோடு நீண்ட காணொளியை மறுநாள் போடலாம். 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாலும், இந்த வேலைக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது. அதைத் தாண்டினால் விடையை ஊகித்துப் பேசத் தொடங்கிவிடுவோம், மறுநாள் தரவு வேறு சொன்னால் அந்த ஊகம்தான் முதலில் பரவியிருக்கும்.